பெயர் வந்த ஒரே பக்கம்

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் மௌரீனைத் தெரியாதவர்கள் குறைவு. அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. ஷேர் மார்க்கெட் சம்பந்தப்பட்ட வேலை என்பது வரைக்கும் எல்லோருக்கும் தெரியும். அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது யாராவது ஒருவர் அவளை ஓரங்கட்டி, ஒரே ஒரு ஷேர் பெயர் சொல்லச் சொல்லிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பாடகர் குழுவில் இருக்கும் ஆம்ப்ரோஸ் அங்கிள் ஒரு வாரம்கூட விட்டதில்லை. அவள் சிரித்துக்கொண்டே சொல்லக் கூடாது அங்கிள் என்பாள். பெண்ணுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று அவர் நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

தலைக்கனமும் இல்லை, ஒன்றும் இல்லை. பங்குகளைப் பற்றி ஆராய்ந்து எழுதுகிறவர்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். சொல்வதை அறிக்கையாக எழுதி, மேற்பார்வையாளர் படித்து, எல்லா வாடிக்கையாளருக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும். கோயில் வாசலில் ஒருவர் காதில் மட்டும் ஓதக் கூடாது. எழுதும் கம்பெனியின் பங்கை, அறிக்கை வருவதற்கு முப்பது நாள் முன்னாலிருந்து, வந்தபின் ஐந்து நாள் வரைக்கும் அவர்கள் வாங்கவோ விற்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது. மௌரீன் வேலை பார்த்த வெளிநாட்டு வங்கி ஒரு படி மேலே போய், அவள் சிமெண்ட் கம்பெனிப் பங்கு எதையுமே வைத்திருக்கக் கூடாது என்றது. அவள் கணவன் லாயிட் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியார். அவனுடைய பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கையும் வருடாவருடம் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். நான் கட்டிக்கொண்டது உன்னையா உன் கம்பெனியையா என்று அவன் ஒவ்வொரு ஏப்ரலிலும் கேட்பான். கேட்டுவிட்டு ஸ்டேட்மெண்டை எடுத்துக் கொடுப்பான்.

அவுட்டர் ரிங் ரோட்டில் கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் ஆறாவது மாடியில் அந்த வங்கியின் ஆராய்ச்சி அலுவலகம் இருந்தது. ஆராய்ச்சி இங்கே நடக்கும், பெயர் மும்பையில் வரும். இதுதான் பெங்களூரில் பல ஆராய்ச்சி அலுவலகங்களின் கதை. மௌரீன் ஏழு சிமெண்ட் கம்பெனிகளைப் பார்த்துக்கொண்டாள். அறிக்கையின் முதல் பக்கத்தில் மும்பையில் இருந்த அவளுடைய சீனியர் ராஜேஷ்குமார் பெயர் இருக்கும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எக்ஸெல் கோப்பு உண்டு, அதற்கு மாடல் என்று பெயர். எத்தனை டன் விற்கும், மூட்டை என்ன விலைக்குப் போகும், நிலக்கரிக்கு எவ்வளவு, லாரிக்கு எவ்வளவு, கடைசியில் டன்னுக்கு என்ன மிஞ்சும் என்று வரிசை வரிசையாக ஓடி, இந்தப் பங்கு என்ன விலை பெறும் என்பதில் வந்து நிற்கும். அந்த இலக்கு விலை சந்தை விலையைவிடப் பதினைந்து சதவீதமாவது மேலே இருந்தால் 'வாங்கு'. அவ்வளவு இல்லையென்றால் 'வைத்திரு'. கீழே போனால் 'விற்றுவிடு'. எண்களைப் போடுவது மௌரீன். வாங்கு, வைத்திரு என்று சொல்வது ராஜேஷ்குமார்.

எல்லா அறிக்கையின் கடைசியிலும் ஒரு வாக்கியம் உண்டு. இதிலுள்ள கருத்துகள் என்னுடைய சொந்தக் கருத்துகளே, இப்படிச் சொல்வதற்காக எனக்குத் தனியே எந்த ஊதியமும் தரப்படவில்லை என்று ஆராய்ச்சியாளர் உறுதி சொல்லும் வாக்கியம். ராஜேஷ்குமார் சார்பில் அதை ஒட்டுவதும் மௌரீன் வேலைதான். பதினோரு வருடத்தில் நானூறு தடவைக்கு மேல் ஒட்டியிருப்பாள்.

சென்ற வருடம் ஆனி மாதம் அல்சூர் ஏரிப் பக்கத்தில் இருந்த ஒரு சின்னத் தரகு நிறுவனம் சிமெண்டுக்கு ஆள் தேடியது. முதல் பக்கத்தில் தன் பெயரே வரும் ஆள். மௌரீன் விண்ணப்பித்தாள். நேர்காணலுக்கு மூன்று விஷயம் காட்ட வேண்டும் என்று பதில் கடிதம் வந்தது. இதுவரை பார்த்த கம்பெனிகள், செய்த மாடல் ஒன்று, சொன்ன கணிப்புகள் எவ்வளவு பலித்தன என்ற பட்டியல். மௌரீனுக்கு முப்பத்தி நாலு வயது. பி.காம். முடித்து, அறிக்கைகளில் அட்டவணைக்குக் கோடு போடும் வேலையில் சேர்ந்து, தட்டுத் தடுமாறி மேலே வந்தவள். இந்த வாய்ப்பு போனால் இன்னொரு நானூறு அறிக்கைக்கு வேறொருவர் பெயரை ஒட்டிக்கொண்டே காலம் போய்விடும் என்று அவளுக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை லாயிட்டிடம் சொன்னாள். அவன் டீ போட்டுக் கொடுத்தான்.

பார்த்த கம்பெனிகளைச் சொல்வதில் சிக்கல் இல்லை. மாடலில்தான் முதல் முட்டுக்கட்டை. அவள் பதினோரு வருடமாகச் செய்த மாடல்கள் எல்லாம் வங்கியின் சொத்து. வெளியே ஒரு வரி எடுத்துப் போனாலும் வேலை போகும், அதோடு பெயரும் கெடும். அவளோடு வேலை பார்த்துவிட்டு மும்பைக்கு மாறிப்போன ஹரிஷ்குமாரிடம் யோசனை கேட்டாள். திரையைப் போனில் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் திரும்ப அடித்தேன், எல்லாரும் செய்வதுதானே என்று அவன் போனில் சிரித்தான். மௌரீனுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னுடைய உழைப்பைத் தானே திருடுவது எப்படி என்று அவன் பாடம் எடுத்தது போல இருந்தது.

அதனால் அவள் புதிதாக ஒன்று செய்தாள். வங்கி எழுதாத, தானும் தொட்டிராத தென்னாட்டுச் சின்ன சிமெண்ட் கம்பெனி ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். ஆண்டறிக்கைகள், பங்குச் சந்தைக்கு அனுப்பிய முடிவுகள், நிர்வாகம் பேசிய கூட்டங்களின் எழுத்து வடிவம் என யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடியதை மட்டும் எடுத்தாள். வீட்டு லேப்டாப்பில், சனி ஞாயிறுகளில், ஆறு வாரம். மூட்டை விலைக்கு மட்டும் கடைகளில் விசாரிக்க வேண்டியிருந்தது. பொம்மனஹள்ளியில் கோவிந்தராஜன் என்ற கிருஷ்ணகிரிக்காரர் சிமெண்டும் கம்பியும் விற்கிறார். அவரிடம் கேட்டால் சுற்றி வளைக்காமல் சொல்வார். கம்பெனி இருபது ரூபாய் ஏற்றுவதாக அறிவித்து, பின்வாசல் வழியாகப் பதினைந்து ரூபாய் தள்ளுபடி தந்ததையும் சொன்னார். அதற்கு மேலும் போனார்.

"அவங்க சேல்ஸ் ஆபீஸர் நேத்து வந்திருந்தான்மா. அடுத்த மாசம் ஃபேக்டரியில ஏதோ பெரிய சமாச்சாரமாம், இன்னும் வெளிய விடலையாம்..."

"அண்ணே, அது வேணாம்ணே. விலை மட்டும் போதும்."

"நான் சொல்லவே இல்லையேம்மா இன்னும்."

"அதான் நிறுத்தினேன். வெளிய வராத சமாச்சாரம் காதுல விழுந்துட்டா, அப்புறம் இந்த மாடலையே நான் தொட முடியாது."

கோவிந்தராஜன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விசாரிக்க வந்துவிட்டு வாயை அடைக்கிற ஆளை அவர் பார்த்ததில்லை. இருந்தாலும் பக்கத்து மலையாளச் சேச்சியின் டீக்கடையிலிருந்து அவளுக்கு ஒரு காபி வரவழைத்துக் கொடுத்தார்.

மாடல் முடிந்தது. இலக்கு விலை போட வேண்டிய கட்டத்தை அவள் காலியாக விட்டாள். இன்னொரு இடத்தில் சம்பளம் வாங்கிக்கொண்டு வெளியே 'வாங்கு' சொல்வது முறையாகாது என்று அவளுக்குப் பட்டது. நிலக்கரி விலை இப்படிப் போனால் இவ்வளவு மிஞ்சும், அப்படிப் போனால் அவ்வளவு மிஞ்சும் என்று மூன்று நிலைகளோடு நிறுத்திக்கொண்டாள்.

மூன்றாவது விஷயம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது. பலித்தவற்றின் பட்டியல். நானூறு அறிக்கைகளில் ஒன்றிலும் 'வாங்கு' என்று சொன்னது அவள் இல்லை. எண்கள் அவளுடையவை என்று சொல்லலாம். ஆனால் அவள் எண்ணைத் தள்ளிவிட்டு ராஜேஷ்குமார் தன் அனுபவத்தில் முடிவெடுத்துச் சரியாக வந்த கதையும் உண்டு, அப்படிச் செய்து தவறிப்போன கதையும் உண்டு. எது யாருடையது என்று பிரித்துச் சொன்னால் வங்கிக்குள் நடந்த பேச்சை வெளியே சொன்னதாகும். எதைச் சொல்லலாம் என்று வங்கியின் விதிமுறைப் பிரிவிடமே கேட்கலாம். கேட்டால் அவள் வேலை தேடுகிறாள் என்பது சாயங்காலத்துக்குள் மும்பைக்குத் தெரிந்துவிடும். இப்படி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். கடைசியில் அவள் வங்கியின் விதிப் புத்தகத்தை எடுத்து வரி வரியாகப் படித்தாள். வெளியான அறிக்கையின் தலைப்பு, தேதி, அதில் வந்த பரிந்துரை இவற்றைக் குறிப்பிடலாம். நகல் கொடுக்கக் கூடாது. வெளிவராத எதையும் பேசக் கூடாது. படித்து முடித்தபோது, நானூறில் தன் பெயர் இருக்கும் ஒன்றே ஒன்று அவளுக்கு ஞாபகம் வந்தது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ள அவள் எப்போதுமே விரும்பியதில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் காவல்குன்று சிமெண்ட்ஸ் என்ற கம்பெனி தன்னுடைய துணைக் கம்பெனியைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தாய்க் கம்பெனி அறுபது லட்சம் டன் விற்கும், துணைக் கம்பெனி ஆறு லட்சம். இணைந்தபிறகு தாய்க் கம்பெனியின் கணக்கே அறுபத்தாறு லட்சம் என்று வந்தது. மௌரீனின் மாடலில் துணைக் கம்பெனிக்கென்று தனி வரிசை ஒன்று இருந்தது. அதை எடுக்க மறந்துவிட்டாள். அறுபத்தாறோடு இன்னொரு ஆறு சேர்ந்து எழுபத்திரண்டு ஆனது. இலக்கு விலை ஆயிரத்து நூற்றுப் பத்து என்று வந்தது. பங்கு அப்போது தொள்ளாயிரத்து அறுபதில் இருந்தது. பதினைந்து சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் 'வாங்கு'. அறிக்கை போய்விட்டது.

இரண்டு நாள் கழித்து வேறு ஏதோ தேடப்போய் அந்த வரிசை கண்ணில் பட்டது. சரிசெய்து ஓட்டிப் பார்த்தாள். இலக்கு விலை ஆயிரத்துக்கு இறங்கியது. மேலே நாலே சதவீதம்தான். 'வாங்கு' என்பது 'வைத்திரு' ஆகிவிட்டது. இந்தத் தொழிலில் இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. மூன்று மாதம் பொறுத்திருந்து அடுத்த காலாண்டு முடிவு வரும்போது, விற்பனை மந்தம் என்றோ தேவை குறைவு என்றோ காரணம் எழுதி, எண்ணைச் சத்தமில்லாமல் இறக்கிவிடலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அன்றைக்கு ராஜேஷ்குமாரும் அதைத்தான் சொன்னார். மௌரீன் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அந்த மூன்று மாதத்தில் யாராவது இந்தப் பக்கத்தை நம்பிப் பங்கு வாங்குவார்கள் என்ற நினைப்பு அவளை விடவில்லை. மறுநாள் மேற்பார்வையாளருக்கு எழுதிவிட்டாள்.

திருத்திய அறிக்கை வெளிவந்தது. முதல் பக்கத்தில் 'திருத்தப்பட்டது' என்று பெரிதாக. இரண்டாம் பக்கத்தில் துணைக் கம்பெனி விற்பனை இருமுறை சேர்க்கப்பட்டுவிட்டது, மாடலைத் தயாரித்தவர் மௌரீன் என்று ஒரு வரி. பதினோரு வருடத்தில் அவள் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான். அந்த வருடம் அவளுக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதைவிடக் கொடுமை, நிலக்கரி விலை சரிந்ததில் பங்கு எட்டு மாதத்தில் ஆயிரத்து இருநூற்று நாற்பதுக்குப் போய்விட்டது. தவறான எண்ணோடு விட்டிருந்தால் அந்தக் கணிப்பு பலித்திருக்கும். சரியான எண்ணைப் போட்டதால் பலிக்காமல் போயிற்று.

அதைத்தான் அவள் பட்டியலில் போட்டாள். ஒரே ஒரு வரி. தேதி, கம்பெனி, 'வாங்கு' என்பது 'வைத்திரு' ஆக மாறியது, பிறகு பங்கு போன விலை, பலிக்கவில்லை. லாயிட் எட்டிப் பார்த்துவிட்டு, வேலை கேட்கப் போகிறாயா, சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிறாயா என்று கேட்டான். சிரித்தாள், ஆனால் மாற்றவில்லை.

நேர்காணல் ஒரு வியாழக்கிழமை. விடுப்பு எடுத்துக்கொண்டு ஆட்டோவில் போனாள். அல்சூர் ஏரி தெரியும் சின்ன அறை. ஆராய்ச்சித் தலைவர் வெங்கடகிருஷ்ணன் ஐம்பதைத் தாண்டியவர், சிமெண்டிலேயே முடி நரைத்தவர். பக்கத்தில் விதிமுறை அதிகாரி வைஷ்ணவி, நோட்டும் பேனாவுமாக. ஆங்கிலத்தில் ஆரம்பித்த பேச்சு பத்து நிமிடத்தில் தமிழுக்கு வந்துவிட்டது.

மாடலை வெங்கடகிருஷ்ணன் அலசிவிட்டார். மின்சாரச் செலவை எப்படிப் பிரித்தீர்கள், லாரி எத்தனை கிலோமீட்டர் ஓடுவதாக வைத்தீர்கள் என்று துருவினார். மௌரீன் ஒவ்வொன்றுக்கும் எந்த ஆண்டறிக்கையில் எந்தப் பக்கம் என்று காட்டினாள். இலக்கு விலை ஏன் காலி என்று கேட்டார். காரணத்தைச் சொன்னாள். வைஷ்ணவி தலையாட்டிக்கொண்டே ஏதோ எழுதினாள். இதுவரை எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு பட்டியல் வந்தது.

"என்ன இது, ஒரே ஒரு வரி? பதினோரு வருஷம் வேலை பார்த்திருக்கீங்க."

"என் பேர் வந்தது அது ஒண்ணுலதான் சார். மத்ததுல நம்பர் நான் போட்டேன், முடிவு நான் எடுக்கல. அதை என் பட்டியல்ல எழுத முடியாது."

வெங்கடகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியைக் கிட்டத்தில் வைத்துப் படித்தார். படிக்க வேண்டியது இருபது வார்த்தைதான். அவர் எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

"இதுவும் தப்பாப் போனது. மாத்தாம விட்டிருந்தா இது உங்க பெரிய வெற்றி, தெரியுமா?"

"தெரியும் சார். ஆனா அந்த வெற்றிக்கு ஆறு லட்சம் டன் இல்லாத சிமெண்ட் வேணும்."

வைஷ்ணவியின் பேனா நின்றது. வெங்கடகிருஷ்ணன் சிரிக்கவில்லை. அந்தத் தவற்றைக் கண்டுபிடித்தது யார், உங்கள் சீனியரா என்று கேட்டார்.

மௌரீனுக்கு வாய் வரை வந்தது. இந்த ஒரு கேள்விக்காகத்தானே இத்தனை நாள். நான்தான் கண்டுபிடித்தேன், மூடி மறைக்கச் சொன்னார்கள், நான் ஒப்பவில்லை என்று மூன்றே வாக்கியம். சொன்னால் இந்த அறையிலேயே அவள் உயர்ந்துவிடுவாள். அவள் வாழ்க்கையில் பெருமைப்பட ஒன்று உண்டென்றால் அதுதான். ஆனால் அது வங்கிக்குள் நடந்த பேச்சு. வெளிவராத எதையும் பேசக் கூடாது என்ற வரி, அவளுக்குச் சாதகமான பேச்சுக்கு மட்டும் விலக்குத் தரவில்லை.

"அது ஆபீஸுக்குள்ள நடந்தது சார். நான் சொல்லக் கூடாது. வெளிய வந்தது அந்தப் பக்கத்துல இருக்கறது மட்டும்தான்."

"சொன்னா உங்களுக்கு லாபமா இருக்கும்னு தோணுது."

"இருக்கலாம் சார்."

வெங்கடகிருஷ்ணன் பட்டியலை மேசைமேல் வைத்தார். போயிற்று என்று மௌரீன் நினைத்துக்கொண்டாள். ஒரே வரி, அதுவும் பலிக்காத வரி, அதற்கு மேல் விளக்கமும் கிடையாது. இப்படி ஒரு ஆளை யார் வேலைக்கு எடுப்பார்கள்? வெளியே ஏரிக்கரையில் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. வெங்கடகிருஷ்ணன் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"அந்த ஆறு லட்சம் டன் என் மாடல்லயும் இருந்துச்சு" என்றார். "அப்ப நான் வேற கம்பெனியில. உங்க திருத்தத்தப் பத்தி ஒரு க்ளையண்ட் போன்ல கேட்ட அன்னிக்குத்தான் எனக்கே தெரிஞ்சுது. நான் திருத்தம் போடல. மூணு மாசம் கழிச்சு 'விற்பனை மந்தம்'னு எழுதி அந்த ஆறு லட்சத்தை எடுத்துட்டேன். அதுக்குள்ள ஷேர் ஏறிடுச்சு, என் 'வாங்கு' பலிச்ச கணக்குல நின்னுடுச்சு." கண்ணாடியைத் துடைத்தார். "இந்த வேலைக்கு நான் வந்தப்ப என் பட்டியல்ல முதல் வரி அதுதான்."

வெங்கடகிருஷ்ணன் வைஷ்ணவி பக்கம் திரும்பி, இதையும் எழுதிக்கொண்டாயா என்று கேட்டார். இன்னும் இல்லை சார், எழுதணும்னா எழுதுறேன் என்றாள் அவள். அவர் சற்று யோசித்துவிட்டு, எழுது என்றார்.

இரண்டு வாரம் ஒரு சேதியும் இல்லை. தன் தவற்றைத் தெரிந்துகொண்ட ஒருத்தியைத் தினமும் முகத்தெதிரே வைத்துக்கொள்ள யார் விரும்புவார்கள் என்று மௌரீன் லாயிட்டிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தாள். பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. வேலை அவளுக்கு. அவள் அன்றைக்குச் சமையலறையில் நின்று அழுதாள். எதற்கு அழுகிறோம் என்று அவளுக்கே பிடிபடவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. ராஜினாமாவை அனுப்பினாள். ராஜேஷ்குமார் போனில் இரண்டு நிமிடம் மரியாதையாகப் பேசினார். காவல்குன்று பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. மூன்று மாத நோட்டீஸ் காலம் முடிந்து, லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஒரு தண்ணீர் பாட்டிலும் இரண்டு செடித் தொட்டியுமாக வெளியே வந்தாள்.

புது இடத்தில் அவளை வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்தும் கடிதத்தை விற்பனைப் பிரிவு எழுதியது. பதினோரு வருட அனுபவம், சிறப்பான கணிப்புகள் என்று அடித்து விட்டிருந்தார்கள். 'சிறப்பான கணிப்புகள்' என்பதன்மேல் வைஷ்ணவி கோடு போட்டாள். பழைய பலன்களைக் காட்டி ஆள் பிடிக்கக் கூடாது, அதற்கென்று முறைப்படி சரிபார்த்துச் சான்று வாங்காத எதையும் சொல்லவே கூடாது என்றாள். மௌரீன் கோடு போட்டதைப் பார்த்துவிட்டு, என்கிட்ட இருக்கறதே ஒரு வரிதானே என்றாள். அன்றிலிருந்து இருவரும் சேர்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அதே கடிதத்தில் வெங்கடகிருஷ்ணன் தன் பெயருக்குக் கீழே இருந்த 'விருது பெற்ற கணிப்புகள்' என்ற வார்த்தைகளையும் எடுத்துவிடச் சொல்லியிருந்தார் என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அது வைஷ்ணவி சொல்லி அல்ல, அவராகவே செய்தது.

முதல் அறிக்கை தயாராக நாலு மாதம் ஆயிற்று. ஐந்து கம்பெனிகள், எல்லாம் புதிதாகப் போட்ட மாடல்கள். அதில் காவல்குன்றும் ஒன்று. முதல் பக்கத்தின் வலது ஓரத்தில் அவள் பெயர், பதிவு எண், போன் நம்பர். லாயிட் ஒரு பிரதி கேட்டான். அது வாடிக்கையாளருக்கு மட்டும் என்றாள். சரி, பெயர் மட்டும் எந்த எழுத்தில் இருக்கிறது என்று சொல் என்றான். தடித்த எழுத்து என்றாள். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆம்ப்ரோஸ் அங்கிளிடம், மௌரீன் இப்போது பெரிய ஆள், அதனால் இன்னும் கண்டிப்பாக ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று அவனே சொல்லிவைத்தான்.

வெளியிடும் அன்று காலையில் வைஷ்ணவி கடைசிப் பக்கத்தை அனுப்பினாள். அந்த வாக்கியம் அங்கே இருந்தது. இதிலுள்ள கருத்துகள் என்னுடைய சொந்தக் கருத்துகளே. நானூறு தடவை ஒட்டியதில் ஒரு தடவைகூட அவள் அதை நின்று படித்ததில்லை. இன்றைக்குப் படித்தாள். கீழே அவள் பெயர், அதற்கு நேரே கையெழுத்துக்கு வெற்றிடம். சந்தோஷமாக இருக்கும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தாள். சந்தோஷம் இருந்தது, கூடவே பயமும் இருந்தது.

அறிக்கையை மூடி வைத்துவிட்டுக் காவல்குன்று மாடலைத் திறந்தாள். விற்பனை வரிசைக்குப் போனாள். அறுபத்தாறு, அதன்மேல் வளர்ச்சி, அவ்வளவுதான். துணைக் கம்பெனிக்கு வரிசையே இல்லை. இல்லை என்று தெரிந்தும் மேலும் கீழும் இரண்டு தடவை பார்த்தாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வெங்கடகிருஷ்ணன் அவள் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த வரிசை திறந்திருக்கிறது என்று அங்கிருந்தே அவருக்குத் தெரிந்திருக்கும். திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார்.

மௌரீன் மாடலை மூடினாள். இனி இதில் சரியாக இருப்பதும் அவளுடையது, தவறாக இருப்பதும் அவளுடையது. கையெழுத்துப் போட்டாள்.